வேட்டிக்கு ஒன்று, ஜீன்ஸுக்கு ஒன்று, துப்பட்டாவுக்கு ஒன்று: வீட்டில் சாயமேற்றப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

போன வருஷம் பொங்கலுக்கு வீட்டில் எல்லோரும் கருநீலத்தில் உடுத்தலாம் என்று மகள் சொன்னாள். வாங்கப் போனால் ஆளுக்கொரு நீலம் வரும். சரி, இருக்கிறதையே சாயம் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். அப்பாவின் வெள்ளைப் பருத்தி வேட்டி, வெளுத்துப்போன என் ஜீன்ஸ், மகளின் வெள்ளைத் துப்பட்டா, மூன்றையும் ஒரே பெரிய பானையில் ஒரே சாயத்தில் முக்கினேன்.

வேட்டி அருமையாக வந்தது. துப்பட்டா பானையில் கருநீலமாக இருந்தது, குழாயடியில் பிடித்த இரண்டாவது நிமிடத்தில் மறுபடி வெள்ளையாகிவிட்டது. ஜீன்ஸ் நீலமானது, ஆனால் ஜீன்ஸாக இல்லை. உள்பக்க வெள்ளை இழை, முழங்கால் வெளுப்பு எல்லாம் ஒரே நீலத்தில் மூழ்கி, தைத்த ஆபீஸ் காற்சட்டை மாதிரி ஆகிவிட்டது. திருப்பூரில் சாயப்பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்த மாமாவுக்குப் படம் அனுப்பினேன். "என்ன கண்ணு, மூணையும் ஒரே அண்டாவுலயா போட்ட?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவரிடம் கேட்டும், இன்னும் சில துணிகளைக் கெடுத்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஓர் எச்டிபி வீட்டுச் சமையலறையில் செய்கிற அளவுக்குத்தான். கடைச்சரக்கு அளவுக்கு இல்லை.

1. துணி எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள்

என் துப்பட்டாவைக் கடையில் 'சில்க்' என்றுதான் கொடுத்தார்கள். அது பாலியெஸ்டர். கையில் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்று நம்பாதீர்கள், உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். 'பாலியெஸ்டர் 65, காட்டன் 35' என்பது போன்ற எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்தச் சாயம் வாங்குவது என்பதை அந்த எண்கள்தான் முடிவு செய்யும்.

சீட்டு இல்லையா? ஓரத்திலிருந்து இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரியும், வாசனையும் அதேதான். மிஞ்சுவது தொட்டால் உதிரும் சாம்பல். பாலியெஸ்டர் எரிவதற்கு முன்னால் சுருங்கி உருகும், கரும்புகை விடும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான ஒரு மணி நிற்கும். அந்த மணியை நகத்தால் நசுக்க முடியாது. இரண்டும் கலந்த துணியானால் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியுமாக இருக்கும். புதிய வீடுகளில் புகை அலாரம் இருக்கிறது, ஆகவே இரண்டு இழைக்கு மேல் வேண்டாம்.

வேட்டியில் ஒரு கண்ணி உண்டு. உடல் நூறு சதம் பருத்தியாக இருக்கும், கரையில் ஓடும் ஜரிகையோ கலர் நூலோ பாலியெஸ்டராக இருக்கும். பருத்திச் சாயத்தில் அந்தக் கரை அப்படியே நிற்கும். எங்கள் அப்பா வேட்டியில் தங்கக் கரை நீலத்தின் நடுவே தப்பித்து நின்றது, பார்க்க அழகாகவே இருந்தது. ஜீன்ஸிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் சேர்ந்ததுதான், அதுவும் நிறம் மாறாது.

2. சாயம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைகளில் 'எல்லாத் துணிக்கும்' என்று சின்னப் பெட்டியில் விற்கிற சாயம்தான் முதல் பொறி. அதில் பொதுவாக இருப்பது பருத்தியில் லேசாக ஒட்டும் ஒரு சாயமும், கம்பளி, நைலானுக்கான ஒரு சாயமும் கலந்த கலவை. பருத்தியில் ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பாலியெஸ்டரில் பிடிக்கவே பிடிக்காது.

பெட்டியில் சாயத்தின் வகைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பருத்திக்கு 'ரியாக்டிவ்', பாலியெஸ்டருக்கு 'டிஸ்பெர்ஸ்', ஜீன்ஸ் நீலத்துக்கு 'வேட்' அல்லது 'இண்டிகோ'. சாய அட்டவணையில் இண்டிகோவின் பெயர் 'வேட் புளூ 1'. வகை எழுதாத பொட்டலத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். விற்பவரிடம் பாதுகாப்புத் தாளைக் கேளுங்கள். பொருளின் சரியான பெயர், மூச்சுக்கும் தோலுக்கும் என்ன கேடு, எப்படி அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் இருக்கும். கேட்டால் அனுப்பாத கடையில் நான் இப்போது வாங்குவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட சின்னப் பார்சல்களுக்கும், விற்பவர் இங்கே ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவராக இருந்தால், வாங்கும்போதே பிடித்துவிடுவார்கள். என் முதல் முழுச் செலவு ஏறக்குறைய 70 வெள்ளி. அதில் பெரும் பங்கு அனுப்பும் கூலி, சாயத்தின் விலை இல்லை. ஆகவே மூன்று வகையையும் ஒரே தடவையில் வரவழையுங்கள்.

இண்டிகோவுக்குப் பட்டறைகளில் சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுவார்கள், மாமா ஊரில் அதை 'ஹைட்ரோஸ்' என்பார்கள். ஈரம் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது, விமானச் சரக்கில் அபாயப் பொருளாகவே கணக்கு. அதைச் சாதாரணப் பார்சலில் வரவழைக்கப் பார்த்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். வீட்டுக்கு அது தேவையும் இல்லை. சுண்ணாம்பும் பழச்சர்க்கரையும் போதும், நான்காம் படியில் சொல்கிறேன்.

இன்னொரு ஏமாற்றம். தேக்காவில் 'அவுரிப் பொடி' என்று கிடைக்கிறதே, அதையே போடலாம் என்று வாங்கி வந்தேன். அது தலைமுடிக்குப் பூசுகிற இலைப் பொடி, பச்சையாக இருக்கும். நமக்கு வேண்டியது இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலப் பாளத்தை அரைத்த பொடி. அது கருநீலமாக இருக்கும், நகத்தால் தேய்த்தால் செம்பு மாதிரி மினுங்கும். பச்சைப் பொடியில் மூன்று நாள் காத்திருந்ததில் சமையலறை நாறியதுதான் மிச்சம்.

3. பருத்தி வேட்டி: ரியாக்டிவ் சாயம்

பருத்தியின் இழை முழுக்க ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்னச் சின்னக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறில் அந்தக் கையைப் பிடிக்க ஒரு கொக்கி இருக்கிறது. தண்ணீரில் சலவை சோடா போன்ற காரம் இருந்தால்தான் பிடிப்பு நடக்கும். பிடித்துவிட்டால் சாயம் இழையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது, சோப்பு போட்டாலும் வராது. பாலியெஸ்டரில் அந்தக் கைகள் கிடையாது. துப்பட்டாவிலிருந்து நிறம் அப்படி வழிந்து ஓடியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே கொக்கி தண்ணீரையும் பிடிக்கும். காரம் சேர்த்த நிமிடத்திலிருந்து சாயத்தின் ஒரு பங்கு துணியைப் பிடிக்கிறது, ஒரு பங்கு தண்ணீரைப் பிடித்துச் செத்துப்போகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே சொல்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் புரியும்.

வீட்டுக்கு 'எம்எக்ஸ்' வகை ரியாக்டிவ் வாங்குங்கள். அது குளிர்ந்த தண்ணீரிலேயே வேலை செய்யும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் குழாயில் வருவதே போதும்.

என் வேட்டி காய்ந்த நிலையில் 250 கிராம். ஆழ்ந்த நீலத்துக்குத் துணி எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு சாயம், அதாவது 10 கிராம். தண்ணீர் துணியின் இருபது மடங்கு, 5 லிட்டர். சாதாரண உப்பு 300 கிராம். சலவை சோடா 50 கிராம். சமையலறைத் தராசில் பார்த்தால் போதும், ஆனால் அந்தத் தராசுத் தட்டில் பிறகு மாவு அளக்காதீர்கள். பானையும் கரண்டியும் இதற்கென்று தனியாக இருக்க வேண்டும்.

புது வேட்டியானால் முதலில் கஞ்சியைப் போக்குங்கள். சுடுதண்ணீரில் கொஞ்சம் சலவை சோடாவும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். கஞ்சி மிஞ்சிய இடத்தில் சாயம் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு, முதல் சலவையிலேயே திட்டுத் திட்டாகப் போய்விடும். அலசிய துணியைக் காயவைக்க வேண்டாம், ஈரத்தோடு இருக்கட்டும்.

சாயப்பொடியைத் திறக்கும் முன் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ரியாக்டிவ் பொடியை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகி ஆஸ்துமா மாதிரி ஆகிவிடும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை துளி பட்டாலும் கிளம்பும். கரைத்துவிட்ட பிறகு அந்தப் பயம் இல்லை. கையுறை மட்டும் போதும்.

பொடியை ஒரு குவளை தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பானைத் தண்ணீரில் ஊற்றி, உப்பைச் சேர்த்துக் கரையுங்கள். ஈர வேட்டியை விரித்து இறக்குங்கள். இருபது நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். உப்பு எதற்கு என்றால், தண்ணீரில் பருத்தியின் மேல்பரப்பும் சாயமும் ஒரே வகை மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தை இழையருகே கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த நேரத்தில் எதுவும் பிடிபடுவதில்லை, பக்கத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இருபது நிமிடம் ஆனதும் வேட்டியைத் தூக்கி ஒரு வாளியில் வையுங்கள். சலவை சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, பானையில் ஊற்றிக் கலக்கிவிட்டு வேட்டியைத் திரும்ப இறக்குங்கள். துணி உள்ளே இருக்கும்போதே நேராக ஊற்றினால் பட்ட இடம் மட்டும் கறுத்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம். முதல் பதினைந்து நிமிடம் விடாமல் கிளறுங்கள், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

சலவை சோடாவும் ஆப்பசோடாவும் ஒன்றில்லை. வீட்டில் இருந்தது என்று நான் இரண்டாம் முறை ஆப்பசோடாவைப் போட்டேன். அதன் காரம் போதாது. நிறம் பானையில் நன்றாகத் தெரிந்தது, அலசும்போது முக்கால்வாசி போய்விட்டது. பொட்டலத்தில் சோடியம் கார்பனேட் என்று இருக்க வேண்டும், 'பை' என்ற எழுத்து முன்னால் இருக்கக் கூடாது.

இனி அலசுவது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். முதலில் பச்சைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி உப்பையும் காரத்தையும் போக்குங்கள். உப்பு இருக்கும்வரை செத்த சாயம் துணியை விட்டு வராது. பிறகு கை பொறுக்காத அளவு சூட்டில், 60 டிகிரிக்கு மேல், துளி சோப்போடு பத்து நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் நீலமாகும். கொட்டிவிட்டு மறுபடி. எனக்கு நான்கு வெந்நீர் பிடித்தது. போதுமா என்று பார்க்க, ஈர வேட்டியின் மூலையை வெள்ளைக் கைக்குட்டையில் மடித்து மேலே இஸ்திரி வையுங்கள். கைக்குட்டை வெள்ளையாக வந்தால் முடிந்தது.

இன்னொரு ஆசை வரும். பானையில் இன்னும் நல்ல நீலம் இருக்கிறதே, ஒரு சட்டையையும் போடலாமே என்று. போடாதீர்கள். அது செத்த சாயம், பார்வைக்கு மட்டும்தான் நீலம். சோடா சேர்க்காத கரைசலானால் குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். சோடா சேர்த்தது அன்றைக்கே கழிவு.

கஞ்சி போக்குவதிலிருந்து கடைசி அலசல் வரை நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி அலசுவதற்கே போகும்.

4. ஜீன்ஸ்: வேட் சாயம்

ஜீன்ஸும் பருத்திதானே, அதே சாயம் போட்டால் என்ன? போடலாம், நிறமும் பிடிக்கும். ஒருமுறை பிடித்த நிறம் தேயாமல் அப்படியே நிற்பதுதான் அங்கே சிக்கல்.

உங்கள் ஜீன்ஸின் கிழிந்த முழங்காலில் ஒரு நீல நூலை உருவி, குறுக்கே வெட்டி, முனையைப் பாருங்கள். சுற்றி நீல வளையம், நடுவில் வெள்ளை. இண்டிகோ நூலின் மேல்தோலில் மட்டும் நிற்கிறது. தேயத் தேய வெள்ளை தெரிவதால்தான் ஜீன்ஸ் ஜீன்ஸாக இருக்கிறது. அதோடு ஆலையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும் நெய்வதற்கு முன்பே நீலம் ஏற்றிவிட்டு, குறுக்கே ஓடும் ஊடையை வெள்ளையாக விட்டுவிடுகிறார்கள். என் ரியாக்டிவ் சாயம் பாவு, ஊடை, தோல், நடு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இண்டிகோ தண்ணீரில் கரையாது. காரத்தில் வைத்து அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தால் மஞ்சள் கலந்த பச்சையாக மாறிக் கரைகிறது. அந்த நிலையில் துணியில் ஊறுகிறது. வெளியே எடுத்ததும் காற்று பட்டு மறுபடி கரையாத நீலமாகி இழைக்குள் மாட்டிக்கொள்கிறது. கையைப் பிடிக்கும் பிணைப்பு எதுவும் இங்கே இல்லை. கரைந்த இண்டிகோவுக்குப் பருத்தி மேல் அவ்வளவு ஆசையும் இல்லை. அதனால் ஒருமுறை நெடுநேரம் ஊறவைப்பதைவிட, சிறிது நேரம் முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்குவதுதான் வழி. ஆலையிலும் நூலைத் திரும்பத் திரும்ப முக்கி எடுத்துத்தான் ஆழமான நீலத்தைக் கொண்டுவருகிறார்கள்.

அளவு எளிது: இண்டிகோ ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு. 12 லிட்டர் பிடிக்கும் உயரமான வாளிக்கு 40, 80, 120 கிராம். சுண்ணாம்பு என்றால் நீற்றிய வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். வெற்றிலைக்கு விற்கும் ரோஸ் நிறச் சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு சேர்மானம் இருக்கும். கண்ணில் பட்டால் பொசுக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழச்சர்க்கரை என்பது பிரக்டோஸ், சாதாரண வெள்ளைச் சீனி இந்த வேலையைச் செய்யாது.

இண்டிகோவைக் கொஞ்சம் வெந்நீரில் நன்றாகக் குழையுங்கள். வாளியில் கை சுடுகிற வெந்நீர் ஊற்றி, பழச்சர்க்கரையைக் கரைத்து, இண்டிகோவைச் சேர்த்து, கடைசியில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். நுரை வராமல், சுழல மட்டும் கிளற வேண்டும், காற்று உள்ளே போனால் இத்தனை பாடும் வீண். மூடி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தயாரானாலும் ஆகும், நான் இரவு முழுக்க விடுகிறேன். மேலே செம்பு நிறத்தில் ஆடை படிந்து, அதை ஒதுக்கினால் அடியில் நீர் தெளிவான தேன் நிறத்தில் இருந்தால் தயார். நீலமாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. வாளியை வெந்நீரில் நிற்கவைத்துச் சூடேற்றி, இன்னும் ஒரு கை பழச்சர்க்கரை போட்டுக் காத்திருங்கள்.

அடியில் சுண்ணாம்பு வண்டல் தங்கியிருக்கும். அது துணியில் படாமல் இருக்க, பழக்கடை வலைப்பை ஒன்றை வாளிக்குள் தொங்கவிடுங்கள். துவைத்து ஈரமாகப் பிழிந்த ஜீன்ஸைச் சத்தமில்லாமல் இறக்கி, நீருக்கடியிலேயே மூன்று நிமிடம் மெல்ல அசைத்து, வாளிக்குள்ளேயே பிழிந்து எடுங்கள். பச்சையாக வெளியே வரும். உங்கள் கண்முன்னே, மடிப்புகளைத் தவிர, ஓரத்திலிருந்து நீலம் பரவும். மகள் இதைப் பார்க்கவே ஒவ்வொரு தடவையும் ஓடி வருவாள். மடிப்பை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே பச்சைக் கோடு நின்றுவிடும். பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு மறுபடி முக்குங்கள். என் ஜீன்ஸுக்கு ஆறு முக்கு ஆனது. ஈரத்தில் தெரியும் நீலம் காய்ந்தால் வெளிறும், ஆகவே வேண்டியதைவிட ஒரு முக்கு கூடவே போடுங்கள்.

ஒரு நாள் அப்படியே காயவிட்டு, பிறகு அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் முக்கிச் சுண்ணாம்பை எடுத்து, சோப்பில் துவையுங்கள்.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். தைத்த ஜீன்ஸை முக்கினால் வெள்ளை ஊடையும் நீலமாகத்தான் ஆகும், புதிதாக வாங்கியபோது இருந்த வெள்ளை உள்பக்கம் திரும்பாது. ஆனால் நீலம் தோலில் மட்டும் நிற்பதால் தேய்ந்த இடம் மறுபடி வெளுக்கும், மூன்று மாதத்தில் ஜீன்ஸ் முகம் வந்துவிடும். முதல் சில வாரம் தேய்த்தால் கையில் ஒட்டும். வெள்ளை சோபாவில் உட்காராதீர்கள். கறுப்பு ஜீன்ஸுக்கு இந்தக் கதை பொருந்தாது, அதில் பெரும்பாலும் இருப்பது சல்பர் சாயம்.

5. பாலியெஸ்டர் துப்பட்டா: டிஸ்பெர்ஸ் சாயம்

பாலியெஸ்டர் தண்ணீரை விரும்பாத பிளாஸ்டிக். பிடித்துக்கொள்ளக் கை இல்லை, ஊறிப்போக வழியும் இல்லை. அதற்குத் தண்ணீரில் கரையாத, மிக நுண்ணிய தூளாகத் தண்ணீரில் மிதக்கிற சாயம் தேவை. அதுதான் டிஸ்பெர்ஸ். சூடு ஏறும்போது இழை இளகுகிறது, சாயம் அதற்குள் கரைந்து நுழைகிறது, ஆறும்போது இழை இறுகி உள்ளே பூட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை ஏறுவது போல.

"எங்க மெசின்ல 130 டிகிரி வெச்சு அழுத்தத்துல ஓட்டுவோம், உங்கூட்டு அடுப்புல அது வராது" என்றார் மாமா. சமையல் பிரஷர் குக்கரில் முயன்று பார்க்காதீர்கள். துணி அடைத்துக்கொண்டால் வால்வு மூடும். அதோடு குக்கரில் பிறகு சாதம் வைக்க முடியாது. வீட்டுக்கென்று விற்கும் பாலியெஸ்டர் சாயங்களில் சில, இழையைக் கொதிநிலைக்குக் கீழேயே இளகவைக்கும் துணைப்பொருளோடு வருகின்றன. அப்படிப்பட்டதையே வாங்குங்கள். சாயத்தின் அளவை அந்தப் பொட்டலத்தில் உள்ளபடியே வையுங்கள்.

எவர்சில்வர் பானையில் துணி தாராளமாக நீந்தும் அளவு தண்ணீர், இரண்டு கரண்டி வெள்ளை வினிகர், சாயம். கொதி வருவதற்குச் சற்று முன் ஈரத் துப்பட்டாவை இறக்கி, தளதளவென்ற அந்தச் சூட்டிலேயே முக்கால் மணி நேரம் வைத்திருங்கள். 80 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் நடக்காது. தீயைக் குறைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் வெளிர்நீலம்தான் கிடைக்கும். கிளறுவதை நிறுத்தாதீர்கள். நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீருக்கு எடுத்துப் போகாதீர்கள். சூட்டில் இளகிய பாலியெஸ்டர் சட்டென்று குளிர்ந்தால், அப்போது இருந்த சுருக்கம் அப்படியே நின்றுவிடும். என் இரண்டாவது துப்பட்டா இப்படித்தான் கசங்கிய காகிதம் போல் ஆனது, இஸ்திரிக்கும் மசியவில்லை. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்த்து, பிறகு சூடான சோப்புத் தண்ணீரில் மேலே ஒட்டிய தூளைக் கழுவுங்கள். காய்ந்ததும் வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். நிறம் மாறி ஒட்டினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். மேலே மிஞ்சிய டிஸ்பெர்ஸ் சாயம் வியர்வையோடு சேர்ந்தால் சிலருக்குத் தோலில் அரிப்பு வரும், கழுத்தில் கிடக்கும் துப்பட்டாவுக்கு இது முக்கியம்.

65க்கு 35 என்று கலந்த சட்டைகளுக்கு இரண்டு வேலையும் செய்ய வேண்டும். முதலில் டிஸ்பெர்ஸ் கொதி, நன்றாகக் கழுவிய பிறகு ரியாக்டிவ். ஒன்றை மட்டும் செய்தால் நூலோடு நூல் கலந்த வெளிறிய நிறம் வரும். இரண்டு நிறமும் பொருந்துவதும் நிச்சயமில்லை. அப்படிப்பட்ட சட்டையை நான் இப்போது தொடுவதில்லை.

6. கழிவு நீரும் காயப்போடுவதும்

சாயத் தண்ணீரைத் தாழ்வாரத்து மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் மழைநீர் தனி, கழிவுநீர் தனி. மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. வீட்டுக் கழுவுதொட்டி அல்லது கழிவறையில் ஊற்றுங்கள், அதற்கு முன் வினிகர் விட்டுக் காரத்தைத் தணியுங்கள். சுண்ணாம்பு வண்டலைக் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும். அதை வடிகட்டி, காயவைத்து, கட்டிக் குப்பையில் போடுங்கள். விற்பதற்காகத் தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. தொழில் கழிவுநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் எழுத்துமூல அனுமதி வேண்டும், காரத்துக்கும் வரம்பு உண்டு.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு பக்கம் நோட்டில் எழுதுங்கள்: எடை, சாயத்தின் பெயர், கிராம், நேரம், ஓரத்தில் வெட்டிய ஒரு துண்டு. அடுத்த வருஷம் அதே நீலம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் இல்லாமல் வராது. மிச்சப் பொடியைக் காற்றுப் புகாத புட்டியில், உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரியாக்டிவ் பொடி புட்டிக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

இன்னும் சொட்டும் ஜீன்ஸை ஜன்னலுக்கு வெளியே கழியில் மாட்டாதீர்கள். குளியலறையில் சொட்டு நிற்கும்வரை தொங்கட்டும். கீழ்மாடி அக்காவின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் என் இண்டிகோ மூன்று புள்ளி வைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனபோது, "முழுசா நீலமாக்கிக் குடு, போதும்" என்று விரிப்பையே கையில் கொடுத்துவிட்டார். சீட்டைப் பார்த்தேன், பாலியெஸ்டர் 60, காட்டன் 40.